மேல் வரியின் எடை கீழ் வரியிலும்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

செக்ரோல்_பொகவந்தலாவை:
போன மாதச் சம்பளத்தன்று ஒரு அக்கா எங்கள் தேயிலைத் தோட்டத்து ஒபிஸ் ஜன்னலில் வந்து நின்று, "தம்பி, அன்னைக்கு நான் 26 கிலோ எடுத்தேன், துண்டுல 19.5ன்னு இருக்கே"ன்னு கேட்டார். நிறுவைப் புத்தகத்தைப் புரட்டினால் 26 என்றுதான் இருக்கிறது. எக்செல்லில் அவருக்கு மேல் வரியில் இருப்பவருக்கும் 19.5, இவருக்கும் 19.5. நாளாந்த நோமுக்கு மேல் எடுத்த கொழுந்துக் காசு அப்படியே போயிருக்கிறது. சேவ் பண்ண Ctrl+S அழுத்துவதாக நினைத்துப் பக்கத்திலிருக்கும் D-யை அழுத்தியிருக்கிறேன். Ctrl+D மேலே உள்ளதைக் கீழே இறக்கிவிடும், சத்தமே வராது. மொத்தத்தை ஃபெக்டரி எடையோடுதான் ஒப்பிட்டேன். ஈரத்துக்குக் கழித்து ஃபெக்டரி எடை எப்போதும் குறைவாகத்தான் வரும், 6.5 கிலோ போனதில் இரண்டு மொத்தமும் இன்னும் நெருங்கி, சரியாக இருப்பது போலவே தெரிந்தது. அந்த அக்காவின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இதை எப்படிப் பிடிக்கிறீர்கள்?

ஹட்டன்_கணக்கு:
ஈசி. Conditional Formatting-ல் Duplicate Values போடுங்கள், ஒரே எண் எல்லாம் சிவப்பாகிவிடும். நான் இரண்டு வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

தலவாக்கலை_பழையவர்:
ஹட்டன் தம்பி, ரசீது நம்பருக்கு அது சரி, கொழுந்துக்குச் சரிவராது. 58 பேரில் 19.5 எடுத்தவர்கள் நாலு பேர் இருப்பார்கள், 20 எடுத்தவர்கள் ஐந்து பேர். பாதிப் பத்தி சிவந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். நமக்கு வேண்டியது மேல் வரியோடு ஒத்துப்போகும் வரி மட்டும். எடை D2-இல் தொடங்கினால் D3 முதல் கடைசி வரை மேலிருந்து கீழாகத் தெரிவு செய்து, New Rule-ல் Use a formula என்பதில் இதைப் போடுங்கள்:

```
=AND(D3<>"",D3=D2)
```

முன்பாதி இல்லாவிட்டால் வராதவர்களின் வெற்று வரிகளும் நிறம் பிடிக்கும். நிறம் கீழ் வரியில்தான் விழும், Ctrl+D கெடுப்பதும் கீழ் வரியைத்தான், அதனால் புத்தகத்தில் எதைத் தேடுவது என்று உடனே தெரியும்.

நான் முதன்முதலில் போட்டபோது ஒன்றுமே நிறம் மாறவில்லை, ஒரு மாதம் முழுக்க நிம்மதியாக இருந்துவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், அந்தப் பெட்டியில் செல்லைச் சொடுக்கினால் $D$3, $D$2 என்று டொலரோடு விழுகிறது. எல்லா வரியிலும் முதல் இரண்டு பேரின் எடை மட்டும்தான் ஒப்பிடப்பட்டிருக்கிறது! கையால் தட்டச்சு செய்யுங்கள். போட்டதும் வேண்டுமென்றே ஒரு எடையை மேலுள்ளது போல மாற்றிப் பாருங்கள், நிறம் வந்தால்தான் நம்பலாம்.

மஸ்கெலியா_மழைமானி:
நான் தோட்டத்து மழை அளவு எழுதுபவன். ஜனவரி, பெப்ரவரியில் நாள் முழுக்க 0, 0, 0. பத்தி முழுக்க மஞ்சள். `D3<>0` என்றும் சேர்த்தேன், சரியாகிவிட்டது. போன வருடம் 12.4, 12.4 என்று அடுத்தடுத்த இரண்டு நாள் மஞ்சளாக வந்து, பிழையென்று நினைத்து மாற்றப் போனேன். புத்தகத்தில் உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. நிறம் வந்தால் திருத்தாதீர்கள், புத்தகத்தைப் பாருங்கள்.

ஹப்புத்தளை_டீச்சர்:
புள்ளிப் பட்டியலில் இதே விதி போட்டேன், முதல் நாள் நன்றாக வேலை செய்தது, அடுத்த நாள் எங்கும் நிறம். அதிபர் கூடிய புள்ளி மேலே வருமாறு சோர்ட் செய்திருந்தார். ஒரே புள்ளி எடுத்த பிள்ளைகள் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டார்கள். சோர்ட் செய்வதற்கு முன், எழுதிய ஒழுங்கிலேயே பார்த்துவிட வேண்டும்.

ஹட்டன்_கணக்கு:
பழையவர் ஐயா சொல்வது சரிதான், ஆனால் எங்கள் தராசு முழுக் கிலோ மட்டும்தான் காட்டும். 18, 18, 19, 19 என்று தினமும் பத்துப் பதினைந்து வரி நிறமாகும். அதையெல்லாம் யார் புத்தகத்தோடு பார்ப்பது?

தலவாக்கலை_பழையவர்:
அதற்கு என்னிடம் நல்ல வழி இல்லை, தம்பி. மூன்று வரி தொடர்ந்து ஒன்றானால் மட்டும் நிறம் காட்டலாம், ஆனால் செக்ரோல் தம்பிக்கு நடந்தது இரண்டு வரிதானே, அது தப்பிவிடும். நான் புத்தகத்துப் பக்கத்தின் கூட்டுத்தொகையை எக்செல் கூட்டுத்தொகையோடு முதலில் ஒப்பிடுவேன். ஃபெக்டரி எடையோடு இல்லை. வித்தியாசம் இருந்தால் மட்டும் நிறமான வரிகளைத் தேடுவேன்.

செக்ரோல்_பொகவந்தலாவை:
நேற்றிரவு போன மாதம் முழுவதற்கும் போட்டுப் பார்த்தேன், எங்கள் தராசு அரைக் கிலோ காட்டும். அந்த அக்காவின் வரி அல்லாமல் ஒன்பது இடம் மஞ்சளாக வந்தது. எட்டு புத்தகத்தோடு சரி. ஒன்பதாவது இடத்துக்குரிய பக்கத்தில் மழைத்தண்ணீர் பட்டு மை கரைந்திருக்கிறது, 17-ஆ 27-ஆ தெரியவில்லை. நாளைக்குக் காலையில் மலைக்குப் போய்க் கணக்கப்பிள்ளையிடமும் அந்த அம்மாவிடமும் கேட்கப் போகிறேன்.