புதுப்பிப்பு: 7-இல் இருந்து 8-க்குப் போகும்போது வோல்ற் குறைந்த ஏணி

என் பழைய கேள்வி: “10k, 20k தடைகளை ஏணி போல அடுக்கி, 0 முதல் 15 வரையான எண்ணை வோல்ற்றாக்கும் நாலு பிற் மாற்றி ஒன்று கட்டினேன். 7-க்கு 2.35 வோல்ற், 8-க்கு 2.24. கூடாமல் ஏன் குறைகிறது?”

பிழை பிடிபட்டது. மீற்றர்தான் வோல்ற்றை இழுக்கிறது என்றார் ஒருவர். ஏணியின் வெளியீட்டுத் தடை 10k. ஸ்பீக்கரை நேரே மாட்டினால் அவர் சொன்னது நடக்கும், 10 மெகாஓம் மீற்றரால் நடக்காது. உப்புவெளி அண்ணைதான், “மேல் பிற்றின் தடையைக் கழற்றி அளந்து பாரும்” என்றார். அளந்தேன், 24k! சிவப்பு, கறுப்பு, செம்மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள்.

8-இல் மேல் பிற் மட்டும் 1 ஆக இருக்கும். மற்ற ஏணி முழுக்க 20k போல நிலத்துக்கு இறங்கும். என் யூஎஸ்பி தருவது 4.92 வோல்ற், அதில் 44-க்கு 20 பங்குதான் வெளியே வரும்: 2.24. 7-இல் கீழ் மூன்று பிற்றும் சேர்ந்து 4.305 வோல்ற் தருகின்றன. அதில் 44-க்கு 24 பங்கு, 2.35. தலைகீழானது இதனால்தான்.

திருகோணமலைக் கடையில் 20k இல்லை, 22k தான் இருந்தது. அதனால் 10k-களை இரண்டிரண்டாய்த் தொடராகச் சேர்த்தேன். மொத்தம் 13 தடைகள், ஒரே பெட்டியில் இருந்து எடுத்தவை. இப்போது 7-க்கு 2.15, 8-க்கு 2.46, 15-க்கு 4.61.

ஒன்று மிச்சம்: 7, 8 மாறும் நொடியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். மைக்ரோகொன்ட்ரோலரின் பின்களை ஒவ்வொன்றாய் மாற்றுவதாலா, வேறு ஏதுமா? அடுத்து, பின்களை எல்லாம் சேர்த்து மாற்றும் PORTB-க்கு ஒரேயடியாக எழுதிப் பார்க்கிறேன்.