கல்லூரி மின்னஞ்சல் வெள்ளிக்கிழமையோடு நிற்கிறது, கணக்கை அழிக்க முடியவில்லை: உடனடி உதவி தேவை

பாம்பன் ரீட்டா | புதன், காலை 9.10

வணக்கம். எங்கள் கல்லூரி மின்னஞ்சல் வரும் வெள்ளிக்கிழமை மாலையோடு நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. அதற்குள் கணக்கை அழித்துவிடலாம் என்று போனால், கடைசிப் படியில் கடவுச்சொல்லைக் கேட்கிறது. நான் அதற்குக் கடவுச்சொல் எதுவும் வைத்ததே இல்லை. மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் தவறு என்கிறது. தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

தேவிபட்டினம் முருகன் | 9.25

கூகுள் கணக்கின் அமைப்புகளுக்குள் சென்று, தரவு மற்றும் தனியுரிமை என்ற பகுதியின் அடியில் பாருங்கள் தங்கச்சி. கணக்கை நீக்கும் வழி அங்கேயே இருக்கிறது. நான் என் பழைய ஜிமெயிலை அப்படித்தான் நீக்கினேன்.

நாகூர்கனி, கீழக்கரை | 9.40

முருகன் சொல்வது சொந்த ஜிமெயிலுக்குப் பொருந்தும். கல்லூரி கொடுத்த முகவரியை மாணவர் தாமாக நீக்க முடியாது, அது கல்லூரி நிர்வாகியின் கையில் இருக்கிறது. ஆனால் ரீட்டா கேட்பது அதுவன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. அம்மா, நீங்கள் அழிக்க நினைப்பது எந்தத் தளத்தின் கணக்கு? அதை முதன்முதலில் திறந்தபோது கடவுச்சொல் வைத்தீர்களா, அல்லது கூகுள் பொத்தானை அழுத்தி நுழைந்தீர்களா? கைப்பேசியில் அந்தக் கணக்கு இப்போதும் திறந்த நிலையில் இருக்கிறதா?

சேதுபதி72 | 10.05

கணக்கு என்று மொட்டையாக எழுதினால் எந்தக் கணக்கு என்று யாருக்குத் தெரியும்? கேள்வி கேட்பதற்கு முன் விவரங்களைத் தர வேண்டும் என்று இந்தக் குழுவில் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. பட்டம் பெற்றவர்களே இப்படி எழுதினால் என்ன செய்வது? எப்படியிருந்தாலும் இது உலாவியில் தேங்கியிருக்கும் பழைய குக்கீகளின் கோளாறுதான். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, கணக்கிலிருந்து வெளியேறி மறுபடியும் நுழையுங்கள், சரியாகிவிடும்.

நாகூர்கனி, கீழக்கரை | 10.08

ரீட்டா, தயவுசெய்து எதையும் துடைக்க வேண்டாம், வெளியேறவும் வேண்டாம். திறந்த நிலையில் இருக்கும் அந்த ஒரு கைப்பேசிதான் இப்போது உங்களிடம் இருக்கும் சாவி. கடவுச்சொல் இல்லாத நிலையில் வெளியே வந்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நுழைய முயன்றால், கூகுள் பொத்தான் உங்களை உள்ளே விடாது.

பாம்பன் ரீட்டா | 12.30

மன்னிக்கவும், விவரம் எழுதாதது என் தவறுதான். லிங்க்டுஇன் கணக்கு. இரண்டாம் ஆண்டில் வேலைவாய்ப்புப் பிரிவில் எல்லோரையும் கல்லூரி முகவரியில் திறக்கச் சொன்னார்கள், அப்போது கூகுள் பொத்தானைத்தான் அழுத்தினேன். பிறகு என் சொந்த ஜிமெயிலில் இன்னொன்று திறந்து, அதைத்தான் இப்போது பயன்படுத்துகிறேன். சென்ற வாரம் நேர்காணலுக்கு அழைத்த நிறுவனம் பழைய பக்கத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள் இன்னும் இரண்டாம் ஆண்டு மாணவிதானா என்று கேட்டது. அதனால்தான் பழையதை அழிக்க வேண்டியிருக்கிறது. கைப்பேசியில் அது திறந்தே இருக்கிறது.

தொண்டி சாதிக் | 12.50

இதற்கு இவ்வளவு கவலை வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை முகவரி செத்துப்போனால், அதில் தொங்கும் கணக்கும் யாருக்கும் பயன்படாமல் போய்விடும். யாரும் அதற்குள் நுழைய முடியாது. அப்படியே விட்டுவிடலாம்.

நாகூர்கனி, கீழக்கரை | 1.20

சாதிக் சொன்னதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ரீட்டாவுக்கு வழியைச் சொல்லிவிடுகிறேன்.

கூகுள் பொத்தான் வழியாகத் திறந்த கணக்குக்கு லிங்க்டுஇன்னில் தனிக் கடவுச்சொல் இருக்காது. ஆனால் கணக்கை மூடும்போது அந்தத் தளம் தன்னுடைய கடவுச்சொல்லைத்தான் கேட்கும், கூகுளின் கடவுச்சொல்லை அன்று. எனவே நீங்கள் முதலில் ஒரு கடவுச்சொல்லை உண்டாக்க வேண்டும். வேறொரு கணினியில், அல்லது அதே கைப்பேசியின் உலாவியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, லிங்க்டுஇன் நுழைவுப் பக்கத்தில் `Forgot password?` என்பதை அழுத்திக் கல்லூரி முகவரியைக் கொடுங்கள். அந்த முகவரிக்கு ஒரு குறியீட்டு எண் வரும். அதை இட்டால் புதிய கடவுச்சொல் வைத்துக்கொள்ளலாம். அந்த எண் கல்லூரிப் பெட்டிக்குத்தான் வரும் என்பதால், இதை வெள்ளிக்கிழமைக்கு முன் செய்தாக வேண்டும். கடவுச்சொல்லை மாற்றும்போது மற்றக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றவா என்று கேட்டால், வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.

கடவுச்சொல் வந்தவுடனே கணக்கை மூடிவிட வேண்டாம். அதற்கு முன் `Settings & Privacy` பகுதிக்குள் `Sign in & security` என்பதில் உங்கள் சொந்த முகவரியைச் சேர்த்து, அதற்கு வரும் கடிதத்தால் உறுதிசெய்து, அதையே முதன்மை முகவரி ஆக்குங்கள். கணக்கை மூடிய பிறகு மனம் மாறினால் திரும்பத் திறக்க அந்தத் தளம் 14 நாள்கள் அவகாசம் தருகிறது. உங்கள் கல்லூரிப் பெட்டியோ இரண்டு நாளில் போய்விடும். இடையில் ஏதாவது கடிதம் வந்தால் அது உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும்.

தொண்டி சாதிக் | 1.45

காக்கா, நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. பெட்டியே இல்லாதபோது கடவுச்சொல்லை மாற்றும் கடிதம் யாருக்குப் போகும்?

நாகூர்கனி, கீழக்கரை | 2.15

சொல்கிறேன் தம்பி. ஒரு கல்லூரியில் ஆறு ஆண்டுகள் மின்னஞ்சல் நிர்வாகத்தைப் பார்த்திருக்கிறேன். முகவரியை நிறுத்துவது என்று அறிவிப்பில் ஒரே சொல்லாக எழுதுவார்கள், ஆனால் உள்ளே நடப்பது ஒன்றாக இருக்காது. சில இடங்களில் கணக்கை இடைநிறுத்தம் மட்டும் செய்வார்கள். அப்போது புதிய கடிதங்கள் உள்ளே வராது, ஆனால் நிர்வாகி விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் அதை உயிர்ப்பிக்கலாம். சில இடங்களில் நீக்கியே விடுவார்கள். கூகுளில் நீக்கிய கணக்கையும் 20 நாள்கள் வரை நிர்வாகியால் மீட்க முடியும். அதற்குப் பிறகும் அதே முகவரியைப் புதிதாக இன்னொருவருக்கு உண்டாக்க எந்தத் தடையும் கிடையாது.

நாங்கள் இன்னொன்றும் செய்திருந்தோம். இல்லாத முகவரிகளுக்கு வரும் கடிதங்கள் திரும்பிப் போகாமல், எல்லாம் ஒரு பொதுப் பெட்டியில் விழும்படி அமைத்திருந்தோம். விண்ணப்பதாரர்கள் முகவரியில் ஓர் எழுத்தைத் தவறவிட்டாலும் கடிதம் வந்து சேர வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஒருநாள் காலை அந்தப் பெட்டியைத் திறந்தபோது, மூன்று ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்துப் போன மாணவர் ஒருவரின் பெயரில் கடவுச்சொல்லை மாற்றும் எண் வந்து கிடந்தது. அதை நான் அழித்தேன். ஆனால் அலுவலகத்தில் நான்கு பேர் அந்தப் பெட்டியைத் திறக்க முடிந்தது. அன்றைக்கு வேறொருவர் பார்த்திருந்தால் அந்த மாணவரின் கணக்குக்குள் போயிருக்கலாம்.

தொண்டி சாதிக் | 2.40

எங்கள் கல்லூரியில் முகவரியே பதிவெண்தான். அந்த எண் இன்னொரு மாணவருக்கு ஒருபோதும் போகாது. ஆகவே எங்கள் விஷயத்தில் நான் சொன்னது சரிதான்.

நாகூர்கனி, கீழக்கரை | 2.55

பதிவெண் முகவரி இன்னொருவருக்குப் போகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெயரால் முகவரி கொடுக்கும் நிறுவனங்களில்தான் அந்த ஆபத்து அதிகம். ஆனால் பொதுப் பெட்டி பதிவெண்ணா பெயரா என்று பார்க்காது. அது அங்கே இருக்கிறதா இல்லையா என்பதும் மாணவருக்குத் தெரியாது.

சேதுபதி72 | 3.10

எல்லா நிர்வாகிகளும் மாணவர்களின் கடிதங்களைப் படித்துக்கொண்டிருப்பது போல எழுதுவது முறையன்று.

நாகூர்கனி, கீழக்கரை | 3.20

படிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை ஐயா. படிக்க முடியும் என்றுதான் சொன்னேன். அந்தப் பொறுப்பில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

மண்டபம் ஓய்வூதியர் | 4.00

இதே சிக்கலில் நானும் இருக்கிறேன். பணி ஓய்வு பெற்று எட்டு மாதங்கள் ஆகின்றன. அலுவலக முகவரியைக் கொடுத்து ஓர் இணையதளத்தில் படங்களைச் சேமித்து வைத்திருந்தேன். குந்துகால் கரையில் இருபது ஆண்டுகளாக எடுத்த பறவைப் படங்கள் அவை. இப்போது கடவுச்சொல் நினைவில்லை, மாற்றுக் கடிதம் போகும் முகவரியும் இல்லை. எனக்கு ஏதாவது வழி இருக்கிறதா?

பாம்பன் ரீட்டா | மாலை 6.35

அண்ணா, இரண்டு இடங்களில் நின்றுவிட்டேன். குறியீட்டு எண் வரத் தாமதமானதால் மூன்று முறை கேட்டேன், பிறகு மூன்றும் சேர்ந்து வந்தன. முதலில் வந்ததை இட்டால் செல்லாது என்கிறது. இரண்டாவது, என் ஜிமெயிலைச் சேர்க்கப் போனால், அது ஏற்கெனவே இன்னொரு கணக்கில் இருக்கிறது என்று மறுக்கிறது.

நாகூர்கனி, கீழக்கரை | 6.50

முதலாவதற்குக் காரணம், புதிய எண்ணைக் கேட்டவுடன் பழையவை செல்லாமல் போய்விடுவதுதான். இன்னும் ஒருமுறை மட்டும் கேட்டுவிட்டு, வேண்டாத அஞ்சல் பகுதியையும் பார்த்துப் பொறுமையாக இருங்கள். கடைசியாக வந்ததை மட்டும் இடுங்கள்.

இரண்டாவதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். ஒரு முகவரி ஒரே நேரத்தில் ஒரு லிங்க்டுஇன் கணக்கில்தான் இருக்க முடியும். உங்கள் ஜிமெயில் புதிய கணக்கில் இருக்கிறது. அதை அங்கிருந்து எடுக்க வேண்டாம். ஜிமெயிலில் @ குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியும் ஏதாவது ஒரு சொல்லும் சேர்த்தால் கடிதம் உங்கள் பெட்டிக்கே வரும், ஆனால் தளங்கள் அதை வேறு முகவரியாகவே எடுத்துக்கொள்ளும். இப்படி எழுதிப் பாருங்கள்:

```
yourname+old@gmail.com
```

சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்பதில்லை. இங்கேயும் ஏற்கவில்லை என்றால், வீட்டில் லிங்க்டுஇன் கணக்கு இல்லாத ஒருவரின் முகவரியை அவருடைய அனுமதியோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பக்கத்தில் உள்ள தொடர்புகளின் பட்டியல் வேண்டுமென்றால், மூடுவதற்கு முன் உங்கள் தரவின் படியைக் கேட்டுப் பெறுங்கள். அதற்கான இணைப்பும் முதன்மை முகவரிக்குத்தான் வரும். முழுப் படி வர ஒரு நாள் ஆகலாம் என்பதால் இன்றிரவே கேட்டுவிடுவது நல்லது.

மண்டபம் ஐயா, அந்தத் தளத்தில் உங்கள் கைப்பேசி எண்ணையும் கொடுத்திருந்தீர்களா? கொடுத்திருந்தால் அதன் வழியாக மாற்றலாம். வீட்டுக் கணினியில் எங்காவது அந்தக் கணக்கு இன்னும் திறந்த நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மண்டபம் ஓய்வூதியர் | 7.30

எண்ணைக் கொடுக்கவில்லை. கணினியையும் சென்ற மாதம் புதிதாக மாற்றிவிட்டேன்.

நாகூர்கனி, கீழக்கரை | 7.45

அப்படியானால் பழைய அலுவலகத்துக்கு எழுத்துமூலமாக விண்ணப்பம் கொடுத்து, அந்த முகவரியை ஒரே ஒரு நாள் உயிர்ப்பித்துத் தரும்படி கேட்டுப் பாருங்கள். எட்டு மாதங்கள் ஆகிவிட்டதால் பெட்டியில் இருந்த பழைய கடிதங்கள் கிடைக்காமல் போகலாம், ஆனால் நமக்குத் தேவை புதிதாக வரப்போகும் ஒரு கடிதம் மட்டும்தான். அவர்கள் இசைவார்களா என்று என்னால் சொல்ல முடியாது. கூடவே அந்தத் தளத்தின் உதவிப் பிரிவுக்கும் எழுதுங்கள். எந்த ஆண்டு கணக்கைத் திறந்தீர்கள், கடைசியாக ஏற்றிய படங்கள் எவை, அவற்றின் மூலக்கோப்பு கேமராவின் அட்டையில் இருக்கிறதா என்பன போன்ற விவரங்கள் உங்கள் உரிமையை நிறுவ உதவக்கூடும்.

பாம்பன் ரீட்டா | வெள்ளி, காலை 11.15

கூட்டல் குறி போட்ட முகவரியை ஏற்றுக்கொண்டது. தரவின் படி நேற்று மாலை வந்தது. இன்று காலை `Close account` வரை சென்று, புதிய கடவுச்சொல்லைக் கொடுத்து மூடிவிட்டேன். கூகுளில் என் பெயரைத் தேடினால் பழைய பக்கத்தின் பெயர் மட்டும் இன்னும் வருகிறது, அழுத்தினால் எதுவும் இல்லை. நன்றி அண்ணா.

நாகூர்கனி, கீழக்கரை | 11.40

தேடல் பட்டியலிலிருந்து மறையச் சில வாரங்கள் ஆகலாம். மாலைக்குள் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கல்லூரிக் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், வெளித்தளங்களோடு உள்ள இணைப்புகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பொத்தானை வேறு எங்கெல்லாம் அழுத்தியிருக்கிறீர்கள் என்பது அதில் தெரியும்.

மண்டபம் ஓய்வூதியர் | 12.05

அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.