வாந்தி எடுக்கிற பிள்ளைக்குத் தண்ணீர் இறக்கிய ராத்திரி: உங்களுக்கு எப்படி நடந்தது?

பாளை அம்மா
மகளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது, 11 கிலோ. சாயங்காலம் 4 மணிக்கு ஆரம்பித்த வாந்தி 8 மணிக்குள் ஆறு தடவை ஆகிவிட்டது, நடுவிலேயே பேதியும் சேர்ந்துகொண்டது. ஓஆர்எஸ் கரைத்து டம்ளரில் கொடுத்தேன். நல்ல தாகம், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மடமடவென்று குடித்தாள். நான் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அவ்வளவும் என் சேலையில். இப்படி மூன்று தடவை. அத்தை, "வயிறு ஏத்துக்கிடல, கொஞ்ச நேரம் காலியா கிடக்கட்டும்" என்றார்கள். நானும் ஒரு மணி நேரம் எதுவுமே கொடுக்கவில்லை. அந்த ஒரு மணி நேரம்தான் இன்னும் மனதை அறுக்கிறது. ஏனென்றால் அதற்கப்புறம் அவள் அழுதபோது கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, நாலு மணி நேரத்துக்குள் எண்ணூறு மில்லி உள்ளே போக வேண்டும், குடிக்க முடிகிறவரை ஊசி வேண்டாம் என்றார். எனக்குத் தலை சுற்றியது, ஒரு டம்ளரே தங்கவில்லையே. அங்கிருந்த சிஸ்டர் 5 மில்லி கரண்டி ஒன்றைக் கையில் கொடுத்துச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு கரண்டி. எவ்வளவு அழுதாலும் டம்ளரைக் காட்டாதீங்க." 9.40க்கு ஆரம்பித்தோம். 10.05க்கு மறுபடி வாந்தி. நான் கரண்டியை வைத்துவிட்டேன். அவர் பத்து நிமிடம் விட்டு, இப்போது மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்றார். 11 மணிக்கு மேல் வாந்தி இல்லை, அப்புறம் நிமிடத்துக்கு ஒரு கரண்டி வரை போனோம். 2 மணிக்கு அந்த எண்ணூறு முடிந்திருந்தது. அரை மணி நேரம் கழித்து என் மடி நனைந்து சூடாயிற்று. அவள் மூத்திரம் போனதற்கு நான் அழுதேன்.

களக்காட்டான்
நீங்கள் எவ்வளவு தண்ணீரில் கரைத்தீர்கள் என்று சொல்லவே இல்லையே, அதில்தான் நாங்கள் மாட்டினோம். ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரித்துக் கால்வாசியைக் கண் அளவாக ஒரு டம்ளரில் போட்டு, மீதியை மடித்துக் கிளிப் மாட்டி வைத்தேன். மகனுக்கு மூன்று வயது. ஒரு மடக்கு வாயில் வைத்ததும், "கரிக்குப்பா" என்று துப்பினான். பிடிவாதம் என்று நினைத்து அதட்டி அதட்டிக் குடிக்க வைத்தேன். பேதி கூடியது, தாகமும் அடங்கவில்லை. மறுநாள் மருந்துக் கடையில் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார்கள். முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும், ஆறின கொதிநீராக இருந்தால் நல்லது, 24 மணி நேரத்துக்கு மேல் மிச்சமிருந்தால் கொட்டிவிட வேண்டும். கண்ணளவு ஆகவே ஆகாது, உப்பு கூடினால் அதுவே ஆபத்து. 200 மில்லிக்கென்று சின்னப் பாக்கெட்டும் கிடைக்கிறது, வாங்கும்போதே பின்பக்கத்தைப் படியுங்கள். வாயில் வைத்தால் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது, அது ஒரு அடையாளம்.

அப்புறம் அந்த அட்டைப் பெட்டி ஜூஸ். ஓஆர்எஸ் என்ற எழுத்தைப் பெயரில் ஒட்டிக்கொண்டு மருந்துக் கடையிலேயே விற்றார்கள், எங்கள் அக்கா வீட்டில் அதைத்தான் வாங்கிக் கொடுத்தார்கள். அதில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் போனால் உடம்பில் இருக்கிற தண்ணீரையும் அது குடலுக்கு இழுத்துவிடும். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை இப்படி வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஆனாலும் பழைய பழக்கத்தில் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சோடா, கலர் எதுவும் அதே கதைதான்.

அம்பை ஆற்றங்கரை
எங்கள் வீட்டில் பாக்கெட் வாங்கியதே கிடையாது. ஆச்சி இளநீரும் நொய்க்கஞ்சித் தண்ணீரும்தான் கொடுப்பாள், பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நடந்தார்கள். பாலை மட்டும் உடனே நிறுத்திவிட வேண்டும், எந்தப் பாலாக இருந்தாலும். களக்காட்டாருக்கு ஒன்று சொல்கிறேன், கடைக்காரன் சொல்கிற அளவைவிட வீட்டுப் பெரியவர்களின் கை அளவு தப்பாது.

களக்காட்டான்
என் கை அளவுதானே தப்பியது, அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

தாழையூத்து அப்பா
என் பையனுக்கு ஐந்து வயது. செல்போன் இல்லாமல் ஒரு வாய் வாங்க மாட்டான், ஒரு தோசைக்கு ஒரு மணி நேரம். அவனுக்கும் இந்தக் கரண்டிக் கணக்கு சரிப்படுமா?

மேலப்பாளையம் உம்மா
தாழையூத்துக்காரரே, இது நோய்ப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய பேச்சு, உங்களுடையது வேறு.

எங்களுக்கு வாந்தி இல்லை, காய்ச்சலும் தொண்டைப் புண்ணும். மகன் இரண்டு நாளாக வாய் திறக்கவில்லை. மாமி அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, நான் மூக்கைப் பிடிக்க, சங்கில் கஞ்சியை ஊற்றினோம். இருமினான், முகம் கறுத்துப்போனது. ஒரு சில நொடிதான் இருக்கும். குப்புறப் போட்டுத் தட்டினதும் அலறினான், அந்த அலறலைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்கப்புறம் உட்கார வைத்துத்தான் எதுவும். சூடாகக் கொடுத்தால்தான் நல்லது என்று நினைத்திருந்தேன், அவனுக்கு எரிந்திருக்கிறது. குளிர்ந்த தயிரில் சோற்றை மசித்து, சும்மா அவன் பக்கத்தில் கிண்ணத்தை வைத்துவிட்டு நான் துணி மடித்தேன். இரண்டு விரலால் எடுத்து நக்கினான். மூன்று வாய். போதும் என்று எடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வைத்தேன்.

வள்ளியூர் செவிலி
நான் கிராம சுகாதாரச் செவிலியாக 19 வருடம். ஒரு வீட்டு வாசலை மறக்க முடியவில்லை. பிள்ளை தோளில் துவண்டு கிடக்கிறது, தாய் "தூங்குதுக்கா" என்கிறாள். கரண்டியை உதட்டில் வைத்தேன், விழுங்கவில்லை. அது தூக்கம் இல்லை. உடனே வண்டி பிடித்தோம், பிழைத்தது. எழுப்பினாலும் சரியாக விழிக்காத, விழுங்காத பிள்ளைக்கு வாயில் ஒன்றுமே ஊற்றக் கூடாது. குடித்ததெல்லாம் வெளியே வந்தாலும், பச்சையாக வாந்தி எடுத்தாலும், பேதியில் ரத்தம் கண்டாலும், ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாவிட்டாலும் வீட்டில் கரண்டியோடு உட்கார்ந்திருக்காதீர்கள்.

அம்பைக்காரர் சொன்ன இளநீரைப் பற்றி. கெடுதல் இல்லை, பொட்டாசியம் நன்றாக இருக்கிறது. ஆனால் பேதியில் அதிகம் போவது சோடியம், இளநீரில் அது குறைவு. கூடக் கொடுக்கலாம், அதை மட்டும் நம்ப முடியாது. கஞ்சித் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டால் நல்லதுதான், ஆச்சி அதில் சரி. ஆனால் தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னது தப்பு, எந்த நாளும் நிறுத்தக் கூடாது, இன்னும் அடிக்கடி கொடுக்க வேண்டும்.

வாந்தி அடங்கினதும் சோறு பற்றிப் பயப்பட வேண்டாம். குழைந்த சோறு, இட்லி, வாழைப்பழம், எது பழக்கமோ அது. கஞ்சியில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் அந்த மூன்று வாய்க்கும் பலன் இருக்கும். நாளுக்கு ஐந்தாறு தடவை கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு பேதிக்கும் அப்புறம் இரண்டு வயதுக்குள் என்றால் அரை டம்ளர் ஓஆர்எஸ், அதுவும் கரண்டியால். துத்தநாக மாத்திரை கொடுத்தால் பேதி நின்றதும் நிறுத்திவிடாமல் 14 நாளும் கொடுங்கள், பாதிப் பேர் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள். பேதியை நிறுத்தப் பெரியவர்கள் போட்டுக்கொள்கிற மாத்திரையைப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது.

அம்பை ஆற்றங்கரை
தாய்ப்பாலைச் சொல்லவில்லை, பசும்பாலைத்தான் நினைத்துச் சொன்னேன். அதில் என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பாளை அம்மா
களக்காட்டாருக்கு, நான் சின்னப் பாக்கெட்டை அளந்த 200 மில்லியில் கரைத்தேன், கரைத்தது சரி, கொடுத்த விதம்தான் தப்பு. மறுநாள் காலையில் அரை இட்லி தின்றாள், நல்லெண்ணெய் தொட்டு. பசும்பால் விஷயத்தில் எனக்கும் தெளிவில்லை. டாக்டர் நிறுத்த வேண்டாம் என்றார், ஆனால் மூன்றாம் நாள் பால் குடித்ததும் பேதி தண்ணீராகப் பீச்சியது. தயிருக்கு மாற்றினேன், குறைந்தது. பாலால்தானா, தானாகவே குறைந்ததா, தெரியவில்லை. வேறு யாருக்காவது அப்படி ஆகியிருக்கிறதா?