புதுப்பிப்பு: மெழுகுவர்த்தி வீடியோவுக்கான பின்னணிக் குரல்

முன்பு கேட்டது: “மகளின் அறிவியல் கண்காட்சிக்கு மெழுகுவர்த்தி, டம்ளர் சோதனையின் கிளிப்பும் போட்டோவும் இருக்கின்றன. பின்னணிக் குரலில் என்ன பேசலாம்?”

தண்ணீரில் நிற்கும் மெழுகுவர்த்தியை ஏற்றி டம்ளரைக் கவிழ்த்தால், சுடர் அணைந்து டம்ளருக்குள் தண்ணீர் ஏறும்; அதுதான் சோதனை. ‘ஆக்சிஜன் எரிந்து தீர்ந்த இடத்தில் தண்ணீர் ஏறுகிறது’ என்ற வரியை எடுத்துவிட்டோம். இயற்பியல் ஆசிரியர் ஒருவர் சொன்னபடி கிளிப்பை மெதுவாக ஓட்டினால், சுடர் எரியும்போது தண்ணீர் அவ்வளவாக அசையவில்லை. அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறுகிறது. டம்ளரைக் கவிழ்த்தவுடன் விளிம்பில் குமிழிகளும் தெரிகின்றன!

இப்போதைய வரிகள்:

“தண்ணீரையே பாருங்கள்.” (சுடர் அணையும்வரை பேச்சில்லை.) “சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம் குமிழியாக வெளியே போனது. மீதி, சுடர் அணைந்ததும் குளிர்ந்து சுருங்கியது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளியது.”

கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைவதாக ஒருவர் எழுதியிருந்தார். கரையும், ஆனால் இவ்வளவு வேகமாக அல்ல. இன்னொருவர் தன் மகன் வீடியோவில் ஃபேன் சத்தம் பதிவான கதையைச் சொன்னார்; கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் ஃபேனை நிறுத்திவிட்டே பதிவுசெய்தோம்.

போட்டோக்கள்தான் இன்னும் இழுபறி. அவற்றில் ஒரு போட்டோ, மூன்று மெழுகுவர்த்தி வைத்தபோது எடுத்தது. ஒரே மெழுகுவர்த்தி வைத்ததைவிடத் தண்ணீர் உயரமாக நிற்கிறது. டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் அதே அளவுதான், அதுதான் காரணமென்றால் உயரம் ஏறக்குறைய மாறாமல் இருந்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம் என்கிறேன். மகளோ, அது நடுவர் கேட்டால் சொல்ல வைத்திருக்கும் பதில் என்கிறாள்.