[கலைச்சொல்] முதல் செய்திக்கு முன் சமூகத்தளத்தில் செய்யும் ‘வார்ம்-அப்’: தமிழில் என்ன?

மாலதி:

அனைவருக்கும் வணக்கம். விற்பனைக் குழுவுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். ஒரு நிறுவனத்தின் கிடங்கு மேலாளருக்கோ கொள்முதல் மேலாளருக்கோ விற்பனைச் செய்தி அனுப்புவதற்கு முன், இரண்டு மூன்று வாரம் லிங்க்டினில் அவரைப் பின்தொடர்ந்து, அவர் பதிவுகளில் கருத்திட்டு, நம் பெயர் அவருக்குத் தெரிந்த பெயராக ஆகும்வரை காத்திருப்பதை ‘வார்ம்-அப்’ என்கிறார்கள். பெயராகவும் வினையாகவும் வருகிறது. ஆட்களை ‘வார்ம்’, ‘கோல்ட்’ என்று பிரிக்கும் பட்டியலும் உண்டு.

‘வெதுப்பல்’ என்று போட்டுப் பார்த்தேன். நம்மிடம் வாங்கக்கூடியவர்களை ‘வாய்ப்பாளர்கள்’ என்கிறோம், ‘வெதுப்பிய வாய்ப்பாளர்கள்’ என்று படித்ததும் ரொட்டி வாசனைதான் வருகிறது. வேறு சொல் தாருங்கள்.

கதிரேசன்:

இதற்கு ‘படியேற்றம்’ பொருந்தும். புதிய டொமைனிலிருந்து முதல் நாளே ஆயிரம் மடல் அனுப்பினால் பெரும்பாலும் எரிதப் பெட்டிக்குப் போய்விடும். நாளுக்குச் சில மடல் என்று தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். அதுதானே வார்ம்-அப்?

நிலவன்:

கதிரேசன் சொல்வதும் வார்ம்-அப் தான், ஆனால் வேறொன்று. அங்கே நம்பிக்கை பெறவேண்டியது மின்னஞ்சல் வழங்கியின் வடிகட்டியிடம். மாலதி கேட்பதில் அது ஒரு மனிதரிடம். ஒரே சொல் இரண்டுக்கும் வந்தால் கையேட்டைப் படிக்கும் விற்பனையாளர் குழம்பிப்போவார். படியேற்றத்தை மடலுக்கே வைத்துக்கொள்ளலாம், நல்ல சொல்.

சொல் தேடுமுன் செயலைப் பார்த்துவிடலாம். கிடங்குச் சரக்குக் கணக்கு மென்பொருள் விற்கும் ஒருவரிடம் 40 பேர் பட்டியல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வேலை, கடந்த 30 நாளில் அவர்களில் யார் எதையாவது எழுதியிருக்கிறார்கள், யார் பிறர் பதிவில் கருத்திட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது. 16 பேர் தேறினால் இந்த வேலை அந்த 16 பேருக்கு மட்டுமே. மற்ற 24 பேர் தளத்துக்கே வருவதில்லை, அல்லது வாயைத் திறப்பதில்லை. பேசாதவர் முன்னால் போய் நின்று முகம் காட்ட முடியாது, அவர்களுக்கு நேரே மடல் எழுதிவிடலாம். பலரும் இங்கேதான் மூன்று வாரத்தை வீணாக்குகிறார்கள்.

அந்த 16 பேரையும் பின்தொடர்ந்து, அவர்கள் பக்கத்தில் உள்ள மணிக் குறியை அழுத்திவிட வேண்டும். எழுதினால் உடனே தெரியவரும். ஆளுக்கு வாரம் இரண்டு முறை, ஒவ்வொன்றுக்கும் பதிவைப் படித்து எழுத ஐந்து நிமிடம் என்று வைத்தாலே வாரத்துக்கு 160 நிமிடம். ஒரே ஆள் 60 பேரைக் கையில் எடுத்தால் கருத்துகள் ‘அருமை’, ‘நன்று’ என்று சுருங்கிப்போகும்.

கருத்து எப்படி இருக்க வேண்டும்? ஒரு கிடங்கு மேலாளர், ‘ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் இருப்பும் கணினிக் கணக்கும் ஒத்துவரவில்லை’ என்று எழுதுகிறார். ‘எங்கள் மென்பொருள் இதைத் தீர்க்கும்’ என்று எழுதினால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. ‘வித்தியாசம் எந்தப் பகுதியில் கூடுதல்? திரும்பிவந்த சரக்கை அன்றே அலமாரியில் வைத்துவிட்டு மறுநாள் பதிவு போடும் இடங்களில் கணக்கு அங்கேதான் பிசகும்’ என்று எழுதினால், அவர் பதில் சொல்ல ஒரு காரணம் கிடைக்கிறது. அந்தப் பதில்தான் அடையாளம். வெறும் விருப்பக்குறியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, வந்த கருத்துக்கெல்லாம் கை போகிற போக்கில் அதை அழுத்துகிறவர்கள் உண்டு.

சுகந்தி:

நிலவன் சார், எங்கள் குழுவில் இதை இரண்டு மாதம் செய்தோம், ஒன்றும் நடக்கவில்லை. சந்தைப்படுத்தல் பிரிவில் ஒரு பெண் நிறுவனத்தின் பெயரில் எல்லாப் பதிவிலும் நல்ல கருத்துகள் போட்டார். பிறகு விற்பனைத் தம்பிகள் மூவர் அந்த ஆட்களுக்குச் செய்தி அனுப்பினார்கள். ‘யார் நீங்கள்?’ என்றுதான் பதில். எனக்குத் தெரிந்த சொல் ‘வளர்த்தெடுத்தல்’, லீட் நர்ச்சரிங்குக்கு அதைத்தான் சொல்கிறோம். இதற்கும் அதையே வைக்கலாமே?

நிலவன்:

சுகந்தி அம்மா, விடை உங்கள் மடலிலேயே இருக்கிறது. பழகியது ஒருவர், எழுதியது மூவர். பழக்கம் கைமாறாது. கருத்திட்ட கணக்கிலிருந்தே முதல் செய்தியும் போக வேண்டும். மின்னஞ்சலில் அனுப்புவதானால் அனுப்புநர் பெயரும் படமும் லிங்க்டினில் உள்ளபடியே இருக்கட்டும். ஆகவே பட்டியலைப் பிரித்துக் கொடுப்பது முதல் நாளே நடக்க வேண்டும், கடைசி வாரத்தில் அல்ல. ஒரு வாய்ப்பாளருக்கு ஒரே விற்பனையாளர். மூவரும் ஒரே பதிவின் கீழ் வரிசையாக வந்து கருத்திட்டால், அதுவும் ஒரே நிறுவனத்துப் பெயரோடு, பார்ப்பவருக்குச் சுற்றி வளைக்கிறார்கள் என்றுதான் படும்.

இன்னொன்று. கருத்துக்கு மேலே பெயரும், பெயருக்குக் கீழே நம்மைப் பற்றிய ஒரு வரியும் தெரியும். அந்த வரி ‘உங்கள் விற்பனையை இரட்டிப்பாக்குகிறேன்’ என்றிருந்தால், கருத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது விளம்பரமாகவே படிக்கப்படும். ‘கிடங்குச் சரக்குக் கணக்கில் பணிபுரிகிறேன்’ என்பது போதும். இதை அந்த மூன்று வாரம் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும்.

வளர்த்தெடுத்தல் வேண்டாம் என்பேன். அது நம்மிடம் ஏற்கெனவே ஏதோ ஒரு வகையில் ஆர்வம் காட்டியவருக்கு. இங்கே அவருக்கு நாம் இருப்பதே தெரியாது.

பரமசிவம்:

மடல்களைப் படித்தேன். வணிகம் எனக்குத் தெரியாது, சொல்லைப் பற்றி மட்டும்.

‘வார்ம்-அப்’ என்பது செயப்படுபொருள் குன்றாத வினை. ஒருவர் இன்னொருவரைச் சூடாக்குகிறார். நிலவன் விவரிப்பதில் அப்படி எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை. மேலாளர் அங்கேயே இருக்கிறார், விற்பனையாளர்தான் போய்ப் பழகுகிறார். தமிழில் ‘பழகு’ தன்வினை, ‘பழக்கு’ பிறவினை. காளையைப் பழக்குவோம், மனிதரோடு பழகுவோம். எனவே ‘முன்பழக்குதல்’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம். ‘முன்பழகல்’ என்றால், ‘அவரோடு முன்பழகினோம்’ என்று வேற்றுமையும் சரியாக அமையும். ‘வாய்ப்பாளரை’ என்று எழுதவே இச்சொல் இடம் தராது. அதுவே அதன் சிறப்பு என்று கருதுகிறேன்.

மாலதி:

ஐயா, அருமை. ஆனால் பட்டியலில் உள்ள ‘வார்ம்’ என்ற அடைமொழிக்கு என்ன செய்வது? ‘முன்பழகிய வாய்ப்பாளர்’ என்றால், யாரோடு யார் பழகியது என்பது தெளிவாக இல்லையே. ‘முன்பழக்கம்’ என்று பெயராக்கினால் பழைய கெட்ட பழக்கம் போல ஒலிக்கிறது.

கதிரேசன்:

‘முகப்பழக்கம்’ ஏற்கெனவே பேச்சில் இருக்கிறதே! ‘அவரை முகப்பழக்கம் உண்டு’ என்கிறோம். புதிதாக ஆக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த முறை பலிக்கிறது என்பதற்கு எண்ணிக்கையே சான்று. நிலவன் சொன்ன 16 பேரில் எத்தனை பேர் பதில் தருகிறார்கள், விட்டுவிட்ட 24 பேரில் எத்தனை பேர் தருகிறார்கள் என்று ஒப்பிட்டாலே போதும்.

நிலவன்:

முகப்பழக்கம் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் பேச்சில் அதன் பொருள் ‘முகம் தெரியும், பெயர் தெரியாது’ என்பதல்லவா? இங்கே நமக்கு வேண்டியது நேர் எதிர். மடல் பெட்டியில் பெயரைப் பார்த்ததும் ‘இவரா?’ என்று தோன்ற வேண்டும்.

ஒப்பீட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. 16 பேரும் தளத்தில் பேசுகிறவர்கள், 24 பேரும் பேசாதவர்கள். பேசுகிறவர்கள் பழகாதவருக்கும் கூடுதலாகப் பதில் தரக்கூடும். அந்த வித்தியாசத்தை முன்பழகலின் கணக்கில் எழுதக்கூடாது. பேசுகிறவர்களையே சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியோடு பழகி, மறு பாதியோடு பழகாமல், இரண்டு பாதிக்கும் ஒரே நாளில் செய்தி அனுப்ப வேண்டும். பாதிக்கு எட்டுப் பேர் என்றால், மூன்று பதிலுக்கும் ஐந்து பதிலுக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவே வரலாம். பல மாதப் பட்டியல்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

சுகந்தி:

மூன்று வாரம் முடிந்ததும் எப்படி அனுப்புவது? எங்கள் தம்பிகள் இணைப்பு அழைப்பு ஏற்கப்பட்ட அடுத்த நிமிடமே விலைப்பட்டியலை அனுப்பிவிட்டார்கள். ஏற்காதவர்களின் அழைப்பைத் திரும்பப் பெற்று மறுநாளே மீண்டும் அனுப்பப் பார்த்தார்கள், தளம் விடவில்லை. இதையெல்லாம் தானாகச் செய்கிற கருவி வாங்கலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

நிலவன்:

லிங்க்டினில் ஓர் அழைப்பைத் திரும்பப் பெற்றால் அதே ஆளுக்கு மீண்டும் அனுப்ப மூன்று வாரம் வரை ஆகும். அதனால் அவசரப்பட்டு அனுப்பாமல், அவர் ஒரு முறையாவது நம் கருத்துக்குப் பதில் எழுதிய பிறகு அனுப்புவது நல்லது. தானாக இயங்கும் கருவிகளைத் தளத்தின் விதிகள் தடைசெய்கின்றன, கணக்கு முடங்கலாம். அது போகட்டும், ஒரே மணி நேரத்தில் ஒருவரின் ஐந்து பழைய பதிவுகளுக்கு விருப்பக்குறி இடுவது அந்தக் கருவிகளின் வழக்கம். அறிவிப்பில் அதே பெயர் ஐந்து முறை வரும்போது யாருக்கும் புரிந்துவிடும்.

அவர் பக்கத்தைப் போய்ப் பார்த்தாலே பெயர் பதியும் என்று நினைப்பவர்கள், தங்கள் கணக்கு மறைமுகப் பார்வையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் அவருக்குப் பெயரே தெரியாது.

அழைப்பு ஏற்கப்பட்டதும் இரண்டு மூன்று நாள் விட்டு, பேசிய இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். ‘திரும்பிவந்த சரக்கு பற்றிச் சொன்னீர்களே, அதை இப்போது தனிப் பதிவேட்டில் வைக்கிறீர்களா? அந்தக் கணக்கை அன்றே போடும் மென்பொருள் செய்கிறோம். பதினைந்து நிமிடம் காட்டலாமா, அல்லது இப்போது தேவை இல்லையா?’ இவ்வளவே. நாம் விற்பவர் என்பதை இங்கே மறைக்கக்கூடாது. மறைத்தால் மூன்று வாரப் பேச்சும் நடிப்பாகத் தெரியும்.

பரமசிவம்:

அது நடிப்பு இல்லையா என்பதே என் ஐயம். விற்பதற்காகப் பழகுவதைப் ‘பழகல்’ என்று சொல்லலாமா? சொல்லை நானே தந்தேன், இப்போது எனக்கே உறுத்துகிறது.

நிலவன்:

கிடங்குக் கணக்கைப் பற்றி உண்மையிலேயே ஏதாவது தெரிந்தவர் எழுதினால் பழகல். தெரியாதவர் எழுதினால் நீங்கள் சொல்வதுதான், ஐயா.

மாலதி:

இப்போதைக்குக் கையேட்டில் ‘முன்பழகல்’, வினையாக ‘முன்பழகு’. பட்டியலில் அடைமொழியை விட்டுவிட்டு ‘பெயர் அறிந்தவர்’, ‘பெயர் அறியாதவர்’ என்று இரண்டு பத்தி போட்டிருக்கிறேன். நம் பெயரை அவர் அறிந்தாரா என்பதுதானே கேள்வி. ஒருவர் பதில் எழுதினால் மட்டுமே முதல் பத்திக்கு மாறுவார்.

முன்பழகாமல் நேரே தொலைபேசியில் அழைக்கும் ‘கோல்ட் கால்’ மட்டும் நிற்கிறது. ‘பழகா அழைப்பு’ என்று எழுதினேன், படித்துப் பார்த்தவர் ‘பழக்கமில்லாத எண்ணிலிருந்து நமக்கு வரும் அழைப்பு’ என்று புரிந்துகொண்டார். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

கதிரேசன்:

தொடங்குங்கள். முகப்பழக்கத்தை நான் இன்னும் விடவில்லை.