விரல் கருவி 98 காட்டுகிறது, ரத்தப் பரிசோதனை 88.9 என்கிறது: எதை நம்புவது?

தண்டையார்பேட்டை மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 56 வயது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் வேலை செய்கிறார். இளம் வயதிலிருந்தே பீடி பிடிப்பவர். அவருக்கு ஹெர்னியா அறுவை சிகிச்சை செய்ய நாள் குறித்திருக்கிறார்கள். எங்கள் வீடு குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. இரண்டாம் மாடிக்கு வரும்போதே அவருக்கு மூச்சு வாங்குகிறது. இதைக் கேட்ட மயக்க மருந்து மருத்துவர், அவருடைய ஹீமோகுளோபின் 16.9 கிராம் இருப்பதையும் பார்த்துவிட்டு, மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொன்னார். காலை பதினொரு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். அதே நேரத்தில் விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவி 98 காட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் பரிசோதனைத் தாளில் இருப்பது இது:

```
sO2      97.0 %
FO2Hb    88.9 %
FCOHb     8.1 %
FHHb      2.7 %
FMetHb    0.3 %
```

ஒரே ரத்தத்துக்கு 97 என்றும் 88.9 என்றும் இரண்டு ஆக்சிஜன் கணக்கு எப்படி வரும்? மருத்துவர் "புகையினால் வந்தது, பீடியை நிறுத்தச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டார். தந்தையோ "98 காட்டுகிறதே, என் நுரையீரலுக்கு என்ன குறை?" என்று கேட்கிறார். அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

திருவொற்றியூர்வாசி:

சகோதரி, புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அது ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இருக்கையைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்பு அதற்கு உண்டு. ஆகவே எட்டு இருக்கை போய்விட்டால் விரல் கருவியும் தொண்ணூறுக்குக் கீழேதான் காட்ட வேண்டும். 98 காட்டுகிறது என்றால் ஒன்று உங்கள் கருவி மலிவான சரக்காக இருக்க வேண்டும், அல்லது ஆய்வகத்தில் யாருடைய ரத்தத்தோடோ மாறியிருக்க வேண்டும். நல்ல நிறுவனத்தின் கருவி ஒன்றை வாங்கி மறுபடியும் பாருங்கள்.

மருத்துவக் கருவி பராமரிப்பவர், ராயபுரம்:

முந்தைய பதிவில் இருக்கை பற்றிச் சொன்னது முழுவதும் சரி. முடிவுதான் சரியில்லை. எத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினாலும் இரண்டு விளக்கு கொண்ட எந்த விரல் கருவியும் இந்த ரத்தத்துக்கு 96 முதல் 98 வரைதான் காட்டும். அறுவை அரங்கில் இருக்கும் பெரிய மானிட்டரும் அப்படித்தான். கருவி பழுதாகவில்லை, ரத்தமும் மாறவில்லை.

அந்தக் கருவிக்குள் இரண்டே விளக்குகள் இருக்கின்றன. ஒன்று 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி. மற்றொன்று 940 நானோமீட்டர் அளவிலான, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை நிறைய விழுங்கும். ஆக்சிஜன் ஏறியது அதை எளிதாக வெளியே விட்டுவிடும். ஒவ்வொரு நாடித்துடிப்பிலும் இந்த இரண்டு ஒளியும் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்று பார்த்து, அவற்றின் விகிதத்தைத் தன் நினைவகத்தில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டுக் கருவி ஒரு எண்ணைக் காட்டுகிறது. அந்த அட்டவணை, உடல்நலமுள்ளவர்களுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்து, அவர்களுடைய ரத்தத்தை ஆய்வகத்தில் அளந்து தயாரிக்கப்பட்டது. கார்பன் மோனாக்சைடு நிறைந்த ரத்தம் அந்த அட்டவணைக்குள் வரவே இல்லை.

கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின் நல்ல சிவப்பு நிறம் உடையது. 660-இல் அது ஒளியை விழுங்கும் அளவு, ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் விழுங்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட சமம். 940-இல் அது ஏறக்குறைய ஒன்றையும் விழுங்குவதில்லை. ஆக, இருக்கை நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் கருவி காண்கிறது. உட்கார்ந்திருப்பது யார் என்று பிரித்துச் சொல்ல அதற்கு வழி இல்லை. பார்க்கர், ட்ரெம்பர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1987-இல் நாய்களிடம் இதைச் சோதித்தார்கள். ரத்தத்தில் 70 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு ஏறிய நிலையிலும் கருவி 90-ஐ ஒட்டியே காட்டியது. உண்மையில் அந்த ரத்தத்தில் ஆக்சிஜனுக்கு 30 விழுக்காடு இடம்தான் மிஞ்சியிருந்தது. அப்படியிருக்க, 8 விழுக்காட்டினால் எண் ஒரு புள்ளி அளவுக்கு இறங்கினால் அதுவே அதிகம். கருவிக்கே இயல்பாக உள்ள இரண்டு மூன்று புள்ளிப் பிழைக்குள் அதுவும் மறைந்துவிடும்.

இப்போது உங்கள் தாளுக்கு வருகிறேன். ஆய்வகக் கருவி இரண்டுக்கு மேற்பட்ட பல அலைநீளங்களில் ஒளியைச் செலுத்துவதால் நான்கு வகை ஹீமோகுளோபினையும் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. FO2Hb என்பது மொத்த ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் ஏறிய பங்கு. sO2 என்பதோ, ஆக்சிஜனைச் சுமக்கும் நிலையில் இருப்பவற்றில் மட்டும் எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு. 88.9-ஐயும், ஆக்சிஜன் ஏறாமல் இருக்கும் FHHb 2.7-ஐயும் கூட்டினால் 91.6 வரும், 88.9-ஐ 91.6-ஆல் வகுத்துப் பாருங்கள், 97 கிடைக்கும். கார்பன் மோனாக்சைடு பிடித்த 8.1 அந்தக் கணக்கில் சேர்க்கப்படவே இல்லை. எனவே இரண்டு எண்ணும் உண்மைதான், அவை பதில் சொல்லும் கேள்விகள்தாம் வேறு. தந்தைக்குப் பொருந்தும் கேள்விக்கு 88.9 என்பதுதான் பதில்.

தண்டையார்பேட்டை மகள்:

மிக்க நன்றி ஐயா. வகுத்துப் பார்த்தேன், சரியாக வருகிறது. அப்படியானால் மாடிப்படியில் மூச்சு வாங்குவதற்கு இந்த 8.1-தான் காரணமா? ஹீமோகுளோபின் 16.9 இருப்பதை நல்ல ரத்தம் ஊறியிருக்கிறது என்று வீட்டில் அனைவரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வியாசர்பாடி இஸ்திரிக் கடை:

நான் புகைபிடிப்பதில்லை, ஆனாலும் இதைப் படித்ததும் பதற்றமாக இருக்கிறது. கரி அடுப்பு வைத்துத் துணி தேய்க்கும் கடை எங்களுடையது. சென்ற மழைக்காலத்தில் சாரல் உள்ளே அடிக்கிறது என்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு வேலை செய்தோம். எனக்கும் தம்பிக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தன. வீட்டிலிருந்து கருவியை எடுத்துவரச் சொல்லி இருவரும் விரலில் மாட்டினோம், 99 காட்டியது. ஆக்சிஜன் நன்றாகத்தான் இருக்கிறது, பசியினால் வந்த தலைவலி என்று நினைத்து மறுபடியும் உள்ளே போய் வேலையைத் தொடர்ந்தோம். எந்தக் கருவியை வாங்கியிருந்தால் எங்களுக்குச் சரியாகக் காட்டியிருக்கும்?

மருத்துவக் கருவி பராமரிப்பவர், ராயபுரம்:

இஸ்திரிக் கடைத் தம்பிக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பீடியைவிட இது அவசரமானது. மூடிய இடத்தில் கரி எரியும்போது, ஒரே அறையில் இருக்கும் இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலியும் குமட்டலும் வந்தால், எந்தக் கருவியையும் தேட வேண்டாம். ஷட்டரைத் திறந்து இருவரும் வெளியே வாருங்கள். அவசரப் பிரிவுக்குப் போய் "மூடிய கடையில் கரி அடுப்பு எரிந்தது" என்ற வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அங்கேயும் ஒருவர் விரலில் கருவியை மாட்டி 99 என்று பார்த்துவிட்டு உங்களை வீட்டுக்கு அனுப்பிவிட வாய்ப்புண்டு. சாதாரணக் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறைய நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். கூடுதல் அலைநீளங்களைப் பயன்படுத்தும் விரல் கருவிகளும் உண்டுதான். ஆனால் அவற்றில் மூன்று புள்ளி வரை மேலும் கீழும் போவது சாதாரணம். அவை குறைவாகக் காட்டின என்பதற்காக நிம்மதியடைய முடியாது. கடைக்கு வேண்டியது திறந்த ஷட்டர்தான்.

சகோதரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 16.9 கிராமில் 8.1 விழுக்காடு என்றால் கிட்டத்தட்ட 1.4 கிராம் ஹீமோகுளோபின் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜனோடு இருப்பது ஏறத்தாழ 15 கிராம். புகைபிடிக்காத ஒருவருக்கு மொத்தமே பதினைந்தரை கிராம் இருந்து அதில் 97 விழுக்காடு நிரம்பியிருந்தாலும் இதே 15 கிராம்தான் வரும். இழந்த இருக்கைகளை ஈடுகட்ட உடல் கூடுதலாக ரத்த அணுக்களை உற்பத்தி செய்திருக்கலாம். அதைப் பெருமை என்று கொள்ள முடியாது, ஏனென்றால் ரத்தம் அதனால் கெட்டியாகிறது. இன்னொரு கெடுதலும் உண்டு. ஒரே ஹீமோகுளோபினில் ஒரு இருக்கையில் கார்பன் மோனாக்சைடு அமர்ந்துவிட்டால், பக்கத்து இருக்கைகளில் உள்ள ஆக்சிஜன் தசைகளுக்கு எளிதில் இறங்காமல் ஒட்டிக்கொள்ளும். மாடி ஏறும்போது தசைகள் கேட்பது அந்த ஆக்சிஜனைத்தான்.

வார்டு செவிலியர், எண்ணூர்:

ராயபுரம் ஐயா கருவியைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மூச்சு வாங்குவதை 8 விழுக்காட்டின் கணக்கில் எழுதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இத்தனை ஆண்டுகள் பீடி பிடித்தவருக்குச் சுவாசக் குழாய்கள் சுருங்கியிருக்கக்கூடும். இதயக் கோளாறாகவும் இருக்கலாம். ஓய்வில் 98 காட்டுவது இவை எதையும் இல்லை என்று ஆக்கிவிடாது. ஹீமோகுளோபின் கூடியிருப்பதற்கும் புகை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. இரவில் குறட்டையோடு ஆக்சிஜன் இறங்குபவர்களுக்கும் அது கூடும். குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையை அறுவைக்கு முன்பே கேட்டுப் பெறுங்கள்.

பீடி இலை அடிக்கடி அணைந்துவிடும் என்பதால் பிடிப்பவர் விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பார். சிறியதுதானே என்று நினைத்தாலும் கார்பன் மோனாக்சைடு சேர்வதில் அது சிகரெட்டுக்கு இளைத்ததல்ல.

திருவொற்றியூர்வாசி:

விளக்கத்துக்கு நன்றி. ஆனால் என் நண்பர் ஒருவர் சிகரெட் பிடித்து முடித்தவுடன் கருவியை மாட்டினால் ஒரு புள்ளி கூடுகிறது என்று உறுதியாகச் சொல்கிறார். வாயு ஏற ஏற எண்ணும் ஏறுமா?

மருத்துவக் கருவி பராமரிப்பவர், ராயபுரம்:

வாயுவினால் மட்டும் என்றால் எண் சற்றே இறங்கத்தான் வேண்டும். நாய்களிடம் கண்டதும் அதுவே. ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு விட்டதனால் கூடியிருக்கலாம், அல்லது கருவியின் சாதாரண ஊசலாட்டமாக இருக்கலாம். ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு அதைப் பிரித்தறிய முடியாது.

தண்டையார்பேட்டை மகள்:

செவிலியர் அக்கா சொன்னபடி ஸ்பைரோமெட்ரிக்குக் கேட்கிறேன். தந்தையிடம் தாளைக் காட்டி 1.4 கிராம் கணக்கைச் சொன்னேன், மறுத்துப் பேசவில்லை. அறுவை சிகிச்சை காலை எட்டு மணிக்கு. முந்தைய இரவு உணவுக்குப் பின் பீடியைத் தொடாமல் இருந்தால் அது போதுமா என்று கேட்கிறார்.

மருத்துவக் கருவி பராமரிப்பவர், ராயபுரம்:

இரவு ஒன்பது மணிக்கு 8 இருப்பதாக வைத்துக்கொண்டால், நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு 4 ஆகும். விடியற்காலை ஆறு மணி அளவில் 2-ஐ நெருங்கும். தூக்கத்தில் மூச்சு மெதுவாவதால் சற்றுத் தாமதமாகலாம். ஆக்சிஜன் கணக்குக்கு அந்த ஒரு இரவு உண்மையிலேயே உதவும். காலையில் எழுந்ததும் ஒன்றே ஒன்று என்று பிடித்தால் அதில் ஒரு பகுதி வீணாகும். ஆனால் சளி குறைவதற்கும் தையல் போட்ட இடம் நன்றாக ஆறுவதற்கும் ஓர் இரவு போதாது, சில வாரங்கள் வேண்டும். நாள் தள்ளிப்போட முடியுமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். குறைந்திருக்கிறதா என்று பார்க்க விரும்பினால் விரல் கருவியின் எண்ணைக் கேட்காதீர்கள், அன்றும் அது 98-தான் காட்டும். FCOHb எவ்வளவு என்று கேளுங்கள்.