அலுவலகக் கழிப்பறை: கை உலர்த்தியை எடுத்துவிட்டுக் காகிதத் துண்டு வைக்கலாமா? மதியத்துக்குள் தரை ஈரமாகிவிடுகிறது

அல்லி எழுதியது:

வணக்கம். நாங்கள் 14 பேர் வேலை செய்யும் சிறிய அலுவலகம். எல்லோருக்கும் ஒரே கழிப்பறைதான். உள்ளே ஒரு கழிப்புப்பீடம், ஒரு வாஷ்பேசின், ஒரு எக்சாஸ்ட் ஃபேன் இருக்கின்றன. சூடான காற்று வீசும் கை உலர்த்தி, பேசினுக்கு எதிர்ச்சுவரில் கதவோரமாக இருக்கிறது. காலையில் ஓர் அம்மா வந்து பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டுப் போகிறார். மதியத்துக்குள் தரையில் ஈரமும் அழுக்குக் கால்தடங்களுமாக ஆகிவிடுகிறது. வார விடுமுறைக்குப் பிறகு கதவைத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. உலர்த்தியும் இப்போது முன்போல வேகமாக வீசுவதில்லை. காகிதத் துண்டுக்கு மாறிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். மாறினால் இந்தத் தொல்லைகள் தீருமா?

நீலவானம்:

உடனே மாறிவிடுங்கள். உலர்த்தி என்பது கழிப்பறைக் காற்றில் இருக்கும் கிருமிகளை இழுத்து நம் கையிலேயே தெளிக்கும் கருவி. நாற்றத்துக்கும் அதுதான் காரணமாக இருக்கும். கூடவே வாரம் ஒரு முறை ஆசிட் கிளீனரையும் பிளீச்சையும் சம அளவில் கலந்து தரையில் ஊற்றித் தேய்க்கச் சொல்லுங்கள். எந்தக் கறையும் நிற்காது.

பழைய ஸ்பேனர்:

அல்லி, மற்ற எதற்கும் முன்பாக ஒன்று. மேலே சொன்ன கலவையைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். ஆசிடும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் இல்லாத சிறிய அறையில் குனிந்து தேய்ப்பவரின் நுரையீரலுக்குள் அது நேராகப் போகும். ஒன்றைப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகுகூட அதே வேளையில் மற்றதை எடுக்காமல், வேறொரு நாளில் பயன்படுத்துவதே நல்லது. நீலவானம் அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் உங்கள் வீட்டிலும் இதைச் செய்துவந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள்.

கிருமி பற்றி அவர் சொன்னதில் பாதி சரி. மருத்துவமனைக் கழிப்பறைகளில் நடத்தி 2018இல் வெளியான ஓர் ஆய்வில், வேகக் காற்று உலர்த்தி வைத்திருந்த காலத்தில் சுற்றுப்புறத்தில் கிருமிகள் கூடுதலாக இருந்தன. அது ஜெட் வகை. உங்களிடம் இருப்பது பழைய சூடான காற்று வகை, இடமும் மருத்துவமனை அல்ல. அதனால் அந்த முடிவை அப்படியே இங்கே பொருத்த முடியாது. கை முழுக்கக் காய்ந்ததா என்பதுதான் உங்களுக்கு முக்கியம். ஈரக் கை, காய்ந்த கையைவிட எளிதாகக் கிருமியை வாங்கும், கொடுக்கும்.

சில கேள்விகள். பேசினிலிருந்து உலர்த்திக்கு எத்தனை அடி? அதன் அடிப்பக்கத்தில் காற்று இழுக்கும் துளைகளைக் கடைசியாக எப்போது துடைத்தீர்கள்? விடுமுறை கழிந்து வரும் நாற்றம் பீடத்தின் அருகில் அதிகமா, தரை வடிகாலின் அருகில் அதிகமா? கதவுக்கு அடியில் இடைவெளி உண்டா?

தறிக்காரன்:

எங்கள் கடையிலும் இதே கதை. காகிதத் துண்டு வைத்தோம், பீடம் அடைத்துக்கொண்டது. குழாயின் சரிவு சரியில்லை என்று ஆள் வைத்துத் தோண்டிப் பார்த்தோம். சரிவு சரியாகத்தான் இருக்கிறதாம். பிறகும் அடைக்கிறது. உங்கள் பீடத்திலும் சரிவைப் பாருங்கள் அல்லி.

அல்லி:

தறிக்காரன் அண்ணா, எங்கள் பீடம் அடைக்கவில்லை, தரை ஈரம்தான் சிக்கல்.

ஸ்பேனர் ஐயா, அளந்து பார்த்தேன், 7 அடி இருக்கிறது. துளைகளில் விரலை வைத்தால் சாம்பல் நிறப் பஞ்சு போலத் தூசி ஒட்டுகிறது. துடைத்ததாக யாருக்கும் நினைவில்லை. நாற்றம் தரை வடிகாலில்தான் அதிகம். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறோம், நாற்றம் வெளியே வரக் கூடாது என்பதற்காக. ஃபேனை விடுமுறையிலும் ஓடவிட்டுத்தான் போகிறோம்.

பழைய ஸ்பேனர்:

உங்கள் பதிலிலேயே விடை இருக்கிறது.

முதலில் நாற்றம். தரை வடிகாலுக்குக் கீழே ஒரு வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று, சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுக்கும். யாரும் வராத நாட்களில் அந்தத் தண்ணீர் வற்றுகிறது. அதற்குமேல் நீங்கள் கதவின் அடியை அடைத்துவிட்டு ஃபேனை ஓடவிடுகிறீர்கள். வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும் அல்லவா? கதவு வழியில்லை என்றால் வற்றிய வடிகால் வழியாகத்தான் வரும். நாற்றத்தை வெளியேற்ற வைத்த ஃபேனே அதை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. ரப்பர் பட்டையை எடுத்துவிட்டு, கதவின் அடியில் 2 சென்டிமீட்டர் அளவுக்காவது இடைவெளி விடுங்கள். விடுமுறைக்கு முன் கடைசியாகக் கிளம்புபவர் வடிகாலில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றட்டும். சோதிப்பதும் எளிது. நாற்றம் இருக்கும் நேரத்தில் வடிகாலில் தண்ணீரை ஊற்றிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். குறைந்திருந்தால் இதுதான் காரணம். குறையவே இல்லை என்றால் பீடத்தின் அடி இணைப்பைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது ஈரம். கை கழுவிய ஒவ்வொருவரும் 7 அடி தூரம் சொட்டிக்கொண்டே நடக்கிறார்கள். சூடான காற்றில் கை காய 30 முதல் 45 நொடிகள் ஆகும், தூசி அடைத்த கருவியில் இன்னும் அதிகம். அவ்வளவு நேரம் யாரும் நிற்பதில்லை. பாதி ஈரத்தோடு கையை உதறிவிட்டு, கதவுப் பிடியைப் பிடித்து வெளியே வருகிறார்கள். உலர்த்தியின் மின் இணைப்பை முழுமையாக நிறுத்திவிட்டு, அந்தத் துளைகளின் தூசியை உலர்ந்த பிரஷால் எடுங்கள். ஈரத் துணி வேண்டாம். வேகம் ஓரளவு திரும்பும். ஆனால் 7 அடி அப்படியே இருக்கும்வரை தரை நனையத்தான் செய்யும்.

உலர்த்தியைப் பேசின் அருகே நகர்த்தலாமா என்று கேட்பீர்கள். 2000 வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும் கருவி அது. தண்ணீர் தெறிக்காத தூரமும், தனி மின்வழியும், கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் பிரேக்கரும் தேவை. மின்பணியாளர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதைவிட, காகிதப் பெட்டியைப் பேசினிலிருந்து கை எட்டும் தூரத்தில் மாட்டுவது சுலபம். கை சொட்டுவதற்குள் தாள் கைக்கு வந்துவிடும்.

நீலவானம்:

கலவை பற்றிச் சொன்னதற்கு நன்றி. என் வீட்டில் இரண்டு புட்டிகளும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன, பிரித்து வைக்கிறேன். காகிதம்தான் சரி என்று நீங்களும் சொல்லிவிட்டீர்களே!

பழைய ஸ்பேனர்:

உங்கள் இடத்துக்குச் சரி என்கிறேன், எல்லா இடத்துக்கும் அல்ல. நாள் முழுக்கக் கூட்டம் வரும், குப்பையை எடுக்க ஆள் இல்லாத கடையில் காகிதம் வைத்தால் அரை நாளில் தொட்டி வழியும்.

தறிக்காரன், உங்கள் அடைப்புக்குக் காரணம் சரிவாக இருக்காது. கழிப்பறைத் தாள் தண்ணீரில் கரையும்படி செய்யப்படுவது. கை துடைக்கும் தாள் ஈரத்தில் கிழியாமல் இருக்கும்படி செய்யப்படுவது. ஒரு புட்டியில் தண்ணீர் ஊற்றி, கை துடைக்கும் தாள் ஒன்றைப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். முழுசாகவே இருக்கும். வாடிக்கையாளர்கள் அதைப் பீடத்தில் போடுகிறார்கள். பீடத்தின் பக்கத்தில் மூடியுள்ள சிறிய தொட்டி ஒன்றும், பீடத்தில் கழிப்பறைத் தாள் தீராமலும் இருந்தால் பெரும்பாலும் குறையும்.

தறிக்காரன்:

குலுக்கிப் பார்த்தேன். துணி போல அப்படியே நிற்கிறது. பீடத்தில் தாள் அடிக்கடி தீர்ந்துபோவதும் உண்மை, அப்போதுதான் இதை எடுத்திருக்கிறார்கள்.

அல்லி:

எத்தனை தாள் வாங்குவது, எவ்வளவு பெரிய தொட்டி வைப்பது?

பழைய ஸ்பேனர்:

14 பேர், ஒருவர் நாளுக்கு 5 முறை கை கழுவினால் 70 முறை. முறைக்கு 2 தாள் என்றால் 140. விருந்தினர்களையும் சேர்த்து நாளுக்கு 160 தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரத் தாள் கசங்கி இடத்தை அடைக்கும், அதனால் 30 லிட்டர் தொட்டியாவது வேண்டும். காலால் மிதித்துத் திறப்பதாக இருக்கட்டும், கதவோரம் வையுங்கள். கதவைத் தாளால் பிடித்துத் திறப்பவர்கள் அதைத் தரையில் போட மாட்டார்கள். தாள், ஒன்றை இழுத்தால் அடுத்ததன் நுனி வெளியே வரும் மடிப்பில் இருக்க வேண்டும். பெட்டியை இறுக்கி நிரப்ப வேண்டாம். இறுக்கினால் தாள் கிழியும், ஈரக் கையை உள்ளே விட்டுக் குடைவார்கள், மீதிக் கட்டும் நனையும்.

செவ்வந்தி:

நான் அலுவலகக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருப்பவள். அல்லி, உங்கள் அம்மாவுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறீர்கள் என்று சொல்லவே இல்லையே. அழுக்கின் மேல் பினாயிலை ஊற்றித் தள்ளினால் வாசனை மட்டும்தான் மாறும். அது அவர் குற்றம் இல்லை, அவசரப்படுத்தினால் யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

நான் உள்ளே போனதும் முதலில் பீடத்தின் விளிம்புக்கு அடியில் கழிப்பறைத் திரவத்தைச் சுற்றி விட்டு ஊறவிடுவேன். அது ஊறும் நேரத்தில் கண்ணாடி, சுவிட்ச், கதவுப் பிடி, குழாய்த் திருகு, பேசின் என்று முடிப்பேன். இவற்றுக்கு ஒரு நிறத் துணி. பீடத்துக்கு வேறு நிறம், இரண்டும் ஒரே வாளியில் விழக் கூடாது. பிறகு பீடத்தின் உள்ளே பிரஷ், இருக்கை, வெளிப்பக்கம், தரையோடு சேரும் இடம். அந்த இடுக்கில் மஞ்சளாகப் படிந்திருந்தால் அது சிறுநீர் உப்பு. பிளீச்சுக்கு அது போகாது, ஆசிட் வகை கிளீனருக்குத்தான் போகும். கடைசியில் தரை. உள்மூலையிலிருந்து சோப்புத் தண்ணீரால் தேய்த்து, வடிகாலை நோக்கி ரப்பர் வைப்பரால் தள்ளி, காய்ந்த மாப்பால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் வெளியே வருவேன். ஈரத்தோடு விட்டால் முதலில் நுழைபவரின் செருப்பே அழுக்கைப் பரப்பிவிடும். சின்ன அறைதான் என்றாலும் இதற்கு 20 நிமிடங்கள் வேண்டும்.

கிருமிநாசினி போடுவதென்றால் கழுவிய பிறகு போட்டு, புட்டியில் எழுதியிருக்கும் நேரம்வரை ஈரமாக விட வேண்டும். தெளித்த கையோடு துடைத்தால் பயனில்லை. திரவ சோப்புப் பெட்டியில் மிச்சத்தின் மேலேயே ஊற்றாதீர்கள், கழுவிக் காயவைத்து நிரப்புங்கள். மாப்பை வாளிக்குள் ஊறவிட்டுப் போனால் மறுநாள் நாற்றத்தைத்தான் தரையில் பூசுவீர்கள், தொங்கவிட்டுக் காயவையுங்கள்.

அல்லி:

செவ்வந்தி அக்கா, அவருக்கு 10 நிமிடங்கள்தான் கொடுத்திருந்தோம். நேரத்தையும் அதற்கேற்பச் சம்பளத்தையும் கூட்டும்படி நிர்வாகியிடம் பேசிவிட்டேன். மதிய உணவுக்குப் பின் ஒரு தடவை தொட்டி, சோப்பு, தரை ஈரம் மூன்றையும் பார்க்க ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்திருக்கிறோம்.

ரப்பர் பட்டையை எடுத்து வடிகாலில் தண்ணீர் ஊற்றியதும் ஒரு மணி நேரத்தில் நாற்றம் நன்றாகக் குறைந்தது. பேசின் அருகே காகிதமும் வைத்தாகிவிட்டது, பேசினுக்கும் கதவுக்கும் நடுவே இப்போது தரை காய்ந்திருக்கிறது. ஆனால் பேசினுக்கு நேர் கீழே மட்டும் இன்னும் ஒரு திட்டு ஈரம் இருக்கிறது. உலர்த்தியை என்ன செய்வதென்றும் முடிவாகவில்லை. குப்பை கூடுகிறது, இரண்டும் இருக்கட்டும் என்கிறார்கள் சிலர்.

நீலவானம்:

கழற்றிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

பழைய ஸ்பேனர்:

தாள் தீரும் நாளுக்கு உலர்த்தி உதவும், தூசியை மாதம் ஒரு முறை எடுப்பதாக இருந்தால் வைத்திருங்கள். பேசினுக்குக் கீழே உள்ள ஈரத்தை முதலில் பாருங்கள். வடிகுழாயின் இணைப்பைக் காய்ந்த தாளால் சுற்றிவிட்டு, பேசினில் தண்ணீரை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். தாள் நனைந்தால் அங்கே கசிவு. நனையவில்லை என்றால் குழாயின் வேகம் அதிகமாகி விளிம்புக்கு வெளியே தெறிக்கிறது, அடியில் இருக்கும் வால்வைக் கொஞ்சம் மூடினால் போதும். எது என்று பார்த்துச் சொல்லுங்கள்.